ஐயாவுக்கு ஐயா, மக்களேக்கு அம்மா

மார்த்தாண்டம் பக்கம் தேன் அடைத்து விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. மெயில், வாட்ஸ்அப், சில சமயம் தபால் என்று எல்லா வழியிலும் கேள்விகள் வரும். என்ன பதில் சொல்வது என்பது பெரும்பாலும் எளிதாகவே இருக்கும். எவ்வளவு மரியாதை வைத்து எழுதுவது என்பதில்தான் கை நின்றுவிடும். அப்போதெல்லாம் எழுதியவர் எந்தப் பாங்கில் எழுதியிருக்கிறாரோ அதையே பிடித்துக்கொள்வேன்.

ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்ததைச் சொல்கிறேன். தேன் பாட்டிலுக்குள் கட்டியாகிவிட்டது, சர்க்கரை கலந்ததா என்பது கேள்வி. நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து தேனீ எடுக்கும் தேன் சீக்கிரம் உறையும். குளுக்கோஸ் படிகமாவதுதான் காரணம். அதை வைத்துக் கலப்படம் என்று முடிவு செய்ய முடியாது.

ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி, ‘தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன், இப்படிக்கு’ என்று முடித்திருந்தார். அவருக்கு நான் எழுதியது: ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தேனில் சர்க்கரை எதுவும் சேர்க்கப்படவில்லை. ரப்பர் தேன் இயல்பாகவே விரைவில் உறையும். பாட்டிலை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம்.’

இன்னொருவர் அருமனை பக்கத்து அம்மா. எங்கள் பக்கம் பெரியவர்கள் இளையவர்களை ‘மக்களே’ என்று பிரியமாகக் கூப்பிடுவது உண்டு. வாட்ஸ்அப்பில், ‘மக்களே, தேன் கட்டியாட்டு கெடக்கே, சீனி போட்டதா?’ என்று கேட்டிருந்தார். அவருக்கு: ‘அம்மா, சீனி ஒண்ணும் போடல. ரப்பர் தேன் சீக்கிரம் கட்டியாகும். பாட்டில இளஞ்சூட்டுத் தண்ணில வையுங்க, இளகிரும். அடுப்புல மட்டும் வைக்காதீங்க.’ தகவல் இரண்டிலும் ஒன்றே. முதல் பதிலை இந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தால், கோபமாகப் பேசுகிறோமோ என்று அவர் நினைத்திருப்பார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ‘மக்களே’ என்றார் என்று நானும் ‘மக்களே’ என்று எழுத முடியாது. பெரியவர் இறங்கிப் பேசலாம், இளையவர் அந்த உறவுக்கு எதிர் முனையில் நிற்கும் சொல்லைத்தான் எடுக்க வேண்டும். தம்பி என்று எழுதியவருக்கு அண்ணே. ‘நீ அனுப்பு’ என்று எழுதியவருக்கும் ‘அனுப்புகிறேன், நீங்கள் சொன்னபடி’தான். ஆகவே நான் எடுத்துக்கொள்வது அவருடைய நெருக்கத்தையும் நீளத்தையும் மட்டும். கோபத்தையோ எழுத்துப் பிழையையோ திருப்பி அனுப்புவதில்லை.

வயதோ உறவோ தெரியாமல், ஒரே வரியில் ‘விலை?’ என்று மட்டும் வரும்போதும் குழப்பம்தான். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்போது அவரைவிட ஒரு படி மேலே, ‘வணக்கம்’, ‘நீங்கள்’ என்று வைத்துச் சின்னதாகப் பதில் எழுதுவேன். அடுத்த மெசேஜில் ‘சரிண்ணே’ என்றால் இறங்கிக்கொள்ளலாம். மேலேயிருந்து இறங்குவதில் யாருக்கும் வருத்தமில்லை. முதலில் இறங்கிவிட்டு அப்புறம் ஏறினால், எதிராளிக்கு நெருடும்.

அதே நெருடலை எதிர்ப்பக்கமிருந்தும் காணலாம். பல மாதம் ‘அண்ணே’ என்று எழுதிய கடைக்காரர் திடீரென்று ‘ஐயா, எனது சரக்கு குறித்துத் தங்கள் பதில் தேவை’ என்று எழுதினால், அவர் மனம் வருந்தியிருக்கிறார் என்று பொருள். அந்த இடத்தில் பழைய சகஜத்தில் ‘அண்ணே, நாளைக்கு வந்திரும்’ என்று சமாளிக்கக் கூடாது. உடனே நானும் மேலே ஏறி, சரக்கு எங்கே நிற்கிறது, எப்போது சேரும் என்று முழு வாக்கியத்தில் எழுதுவேன். கூடவே போனிலும் கூப்பிடுவேன். அவர் மறுபடி ‘அண்ணே’ என்று எழுதுகிற வரை நான் இறங்குவதில்லை.

அரசு அலுவலகத்துக் கடிதங்களில் இந்தச் சிரமம் இல்லை. ‘பொருள்’, ‘பார்வை’ என்று வரி போட்டு வந்தால், அவர்கள் கடித எண்ணையும் தேதியையும் நம் ‘பார்வை’யில் போட்டு, அதே அமைப்பில் பதில் போக வேண்டும். கோப்பில் தேடுகிறவருக்கு அதுதான் பிடி. அந்த அலுவலகத்தில் இருப்பவர் நமக்குத் தெரிந்தவரே என்றாலும் கடிதத்தில் அது தெரியக் கூடாது. போனில் ‘அண்ணே’ என்று பேசிக்கொள்ளலாம். விலைப்பட்டியலும் அப்படித்தான். கூட அனுப்பும் மெசேஜ் எவ்வளவு சகஜமாக இருந்தாலும், பட்டியலில் அளவும் விலையும் வரியும் ஒழுங்கான எழுத்தில்தான் போகும்.