ஒன்பதாவது ஸ்லைட்

“ஒன்பதாவது ஸ்லைடில இருக்கிற வீடியோ திறக்கேல்ல ஐயா.”

“தலைப்பே சொல்லுதே தம்பி, அதை வச்சு எழுதிவிடும்.”

இவ்வளவுதான் நடந்த பேச்சு. நானும் எழுதினேன். குச்சவெளியில் கருவாடு காயப்போடுகிற பெண்களுக்குப் பரண் அமைத்துக் கொடுத்த திட்டம் அது. அதைப் பற்றி வந்த கோப்பில் மொத்தம் 22 ஸ்லைட். அதை ஒரு பக்கமாகச் சுருக்க வேண்டும். ஒன்பதாவதில் “பெண்களின் குரல்” என்ற தலைப்பும், பரணுக்குப் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் ஓர் அம்மாவின் படமும் மட்டுமே இருந்தன. வீடியோ ஓடத் தொடங்குமுன் தெரிகிற படம் அது. அதை நம்பி, “பயனாளிகள் பரண்களை வரவேற்கின்றனர்” என்று எழுதிவிட்டேன்.

கூட்டத்தன்று களத்துக்குப் போய்வந்த அக்கா தன் மடிக்கணினியில் அந்த வீடியோவைப் போட்டார். பரண் நல்லதுதான், ஆனால் வைத்த இடத்தில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும், அந்த நாளில் பயன்படாது என்று அந்த அம்மாவே சொன்னார். மேசையில் எல்லோர் முன்னாலும் நான் எழுதிய அந்த ஒரு பக்கம் இருந்தது.

வீடியோ எனக்கு ஏன் திறக்கவில்லை என்று பிறகுதான் பார்த்தேன். கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் முடிவில் இருந்த `.pptx` ஐ `.zip` ஆக்கித் திறந்தேன். `ppt/media` உள்ளே படங்கள் மட்டுமே இருந்தன, வீடியோ இல்லை. `ppt/slides/_rels/slide9.xml.rels` இல் இப்படி இருந்தது:

```
Target="file:///D:\field\women.mp4" TargetMode="External"
```

வீடியோ ஸ்லைடுக்குள் சேர்க்கப்படவில்லை. அக்காவின் கணினியில் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் எங்களுக்கு வந்திருந்தது. அப்படி வந்த கோப்பை எத்தனை தடவை அழுத்தியும் பயனில்லை, அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு அழைப்பு போதுமாக இருந்தது.

நேரமில்லை என்பது உண்மை. ஐயா சொன்னதும் உண்மை. ஆனால் ஸ்லைடின் கீழே குறிப்பில் “1:40 இலிருந்து காட்டவும்” என்று அக்கா எழுதியிருந்ததை நான் பார்த்திருந்தேன். குறிப்பிட்ட இடத்திலிருந்து காட்டச் சொன்னால் அங்கே ஏதோ முக்கியமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதினான்காவது ஸ்லைடில் “பயனாளிகள் திருப்தி” என்று எழுதி, ஆதாரமாக அதே வீடியோவைத்தான் காட்டியிருந்தார்கள். “திருப்தி என்று ஸ்லைட் கூறுகிறது, அதற்கான வீடியோவைப் பார்க்க முடியவில்லை” என்று எழுதியிருந்தால் என் பக்கத்தில் பொய் இருந்திருக்காது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். “ஓட்டையோட வாற சுருக்கத்தை ஆர் தம்பி வாசிப்பினம்?” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. நான்கு இடத்தில் “பார்க்க முடியவில்லை” என்று வந்தால் நானே வாசிக்க மாட்டேன்.

போன கிழமை இன்னொரு தொகுதி வந்தது. மூன்று ஒலிப்பதிவு, எதுவும் ஓடவில்லை. இரண்டுக்கு அழைத்துக் கேட்டு எழுதினேன். மூன்றாமவர் அழைப்பை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். ஐயா இன்னும் அதைப் பார்க்கவில்லை.