ஒன்பது புத்தகங்கள் எங்கே போயின?

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவன் நான். என் முதல் புத்தகத்தை நானே அச்சிட்டு நானே விற்றேன். முதல் வருடம் முழுக்க ஒரு நோட்டில் இரண்டே பத்திகள்தான்: வந்தது, போனது. வருடக் கடைசியில் கூட்டினேன். அச்சுக்கூலி 45,000, அச்சகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டிக் கூலி 2,500, ஆகப் போனது 47,500. விற்று வந்தது 43,760. நஷ்டம் என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

ஆனால் அலமாரிக்குக் கீழே புத்தகக் கட்டுகள் இருந்தன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறேன். நோட்டில் அவை எங்கேயுமே இல்லை. அப்போதுதான், பணத்தை எழுதினால் மட்டும் போதாது, பிரதிகளையும் எண்ணி எழுத வேண்டும் என்று உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அச்சகத்திலிருந்து வந்தது 20 பிரதிகள் கொண்ட 25 கட்டுகள், மொத்தம் 500. தபாலில் விற்றது 148. கண்காட்சி ஸ்டாலில் 62. ஒரு கடையில் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்தது 40. மதிப்புரைக்கும் நண்பர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது 31. ஈரம் பட்டும் முனை மடங்கியும் வீணானது 6. இத்தனையும் கழித்தால் வீட்டில் 213 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 204. மறுபடி எண்ணினேன், 204தான்.

அந்த ஒன்பதைத் தேடியதில்தான் கணக்கு வைப்பதையே கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியபோது மூன்று பிரதிகள் அகப்பட்டன. பார்சல் கிழிந்து போய்ச் சேர்ந்ததால் பதிலுக்கு வேறு பிரதி அனுப்பியிருக்கிறேன். அதில் பணம் கைமாறவில்லை, அதனால் எழுதவும் இல்லை. இன்னும் நான்கு, ஒரு வாசிப்புக் கூட்டத்தில் விற்றவை. விலை 200 வீதம் வந்த 800 என் சொந்தப் பர்சுக்குள் போய் வீட்டுச் செலவோடு கரைந்துவிட்டது. மீதி இரண்டு கடைசிவரை கிடைக்கவில்லை, தொலைந்தவை என்று எழுதிவிட்டேன். பணத்தை மட்டும் எழுதிய நோட்டில் அந்த 800 விடுபட்டதைக் காட்ட ஒரு வழியும் கிடையாது. புத்தக எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்தது.

அடுத்து ஒரு பிரதியின் அடக்கவிலை. 47,500ஐ 500ஆல் வகுத்தால் 95. வண்டிக் கூலியையும் இதில் சேர்க்க வேண்டும், புத்தகம் விற்கிற இடத்துக்கு வந்து சேர ஆன செலவு அது. இந்த 95 கையில் இருந்தால் முதல் வருடக் கணக்கே வேறு மாதிரி தெரிகிறது. விற்றவை தபாலில் 148, ஸ்டாலில் 62, கடையில் 25, வாசிப்புக் கூட்டத்தில் 4, ஆக 239. அவற்றின் அடக்கம் 22,705. இலவசம், வீண், மாற்று, தொலைந்தது எல்லாம் சேர்ந்து 42 பிரதிகள், அடக்கம் 3,990. விடுபட்ட 800ஐயும் சேர்த்தால் வரவு 44,560. இரண்டு அடக்கத்தையும் கழித்தால் 17,865 நிற்கிறது. நஷ்டமே இல்லை! வீட்டில் 204, கடையில் 15, ஆக 219 பிரதிகள் இருப்பாக அடுத்த வருடத்துக்குப் போகின்றன. அவற்றுக்கான 20,805 விற்கும்போதுதான் செலவாகும். அட்டை வடிவமைப்பு, தபால் போன்றவற்றை அந்த 17,865இல்தான் கழிக்க வேண்டும், அது வேறு கதை.

இலவசப் பிரதியை நான் முதலில் 200 என்று செலவில் எழுதினேன். அது தவறு. கையை விட்டுப் போனது 95தான். வரிக்கு இருப்பை எப்படிக் காட்டுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும், சிறு வியாபாரிகளுக்குச் சில இடங்களில் எளிய முறையும் உண்டு. அதை ஒரு கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. எண்ணிக்கை கையில் இருந்தால் அவர் எந்த முறையைச் சொன்னாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்குக் கொடுத்த 40 பிரதிகளிலும் தடுமாறினேன். கொடுத்த அன்றே விற்பனை என்று எழுதத் தோன்றும். ஆனால் விற்கிறவரை அவை நம் புத்தகங்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. கடைக்காரர் 25 விற்றதாகச் சொல்லி 3,000 கொடுத்தார். சரியாகப் பார்த்தால் விற்பனை 5,000, அவருடைய கமிஷன் 2,000. இப்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன். அப்போதுதான் கமிஷன் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

இணையத்தில் பணம் வாங்குவதிலும் இதே கதைதான். புத்தகம் 200, தபால் 40, வாசகர் கட்டுவது 240. பேமெண்ட் கேட்வே அதில் 5 எடுத்துக்கொண்டு 235 அனுப்பும். அதுவும் ஒவ்வொன்றாக வராது. ஒரு நாள் வங்கியில் 1,645 வந்து விழுந்தது. ஏழு ஆர்டர்களுக்கானது அது. நான் 1,645 வரவு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு பிரித்துப் பார்த்தேன். வாசகர்கள் கட்டியது 1,680, கட்டணம் 35. தபாலுக்காக அவர்கள் கொடுத்தது 280, நான் தபாலுக்குச் செலவழித்தது 322. ஒவ்வொரு பார்சலிலும் 6 கையை விட்டுப் போயிருக்கிறது, உறையும் ஒட்டுநாடாவும் தனி. ஒரே தொகையாக எழுதியிருந்ததால் மாதக்கணக்கில் இது என் கண்ணில் படவே இல்லை. மறுநாளே தபால் கட்டணத்தை உயர்த்தினேன்.

இப்போது ஒரு ஷீட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி: தேதி, எத்தனை பிரதி, எங்கே போனது, மொத்தத் தொகை, பிடித்தம், ரசீது எண். பணம் வராத அசைவுக்கும் வரி உண்டு, தொகை இருக்கும் இடத்தில் 0. புத்தகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கினேன், கையில் வருகிற ரொக்கமும் அதில்தான் போகிறது.

ஸ்டால் போட்டால் மட்டும் ஒரு சின்னத் தாள். கொண்டுபோன பிரதிகள், திரும்பி வந்தவை, பெட்டியில் வைத்த சில்லறை. அந்தக் கண்காட்சிக்கு 70 கொண்டுபோய் 8 திரும்பின. 180 வீதம் விற்றதால் 62க்கு 11,160, சில்லறை 1,000, பெட்டியில் 12,160 இருந்திருக்க வேண்டும். 11,980தான் இருந்தது. சரியாக ஒரு புத்தகத்தின் விலை குறைகிறது என்றதும் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் நேராக வங்கிக் கணக்கில் செலுத்தியிருந்தார். அன்று இரவே பார்த்ததால் நினைவிருந்தது, ஒரு வாரம் போயிருந்தால் தெரிந்திருக்காது.

மாதக் கடைசியில் கட்டுகளை வெளியே எடுத்து எண்ணுகிறேன். கட்டுப் பிரிக்காதவற்றை 20 என்று நம்பி விட்டுவிடுவேன், பிரித்த கட்டை மட்டும் ஒவ்வொன்றாக. கால் மணி நேரம் ஆகிறது. போன மாதம் ஒன்று குறைந்தது. மேசை மேல் கிடந்தது, நானே படிக்க எடுத்த பிரதி.