அறிமுகக் குறிப்புக்கு ஒரு வாக்கிய வங்கி

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் "50 சொல்லில் உங்களைப் பற்றி அனுப்புங்க, இன்றைக்கே வேணும்" என்று வாட்ஸ்அப் வர ஆரம்பித்துவிடும். எழுதுகிற, மேடையேறுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது: சாதனைகளை ஒரு கூகல் டாக்கில் தனித்தனி வாக்கியமாகச் சேர்த்து வையுங்கள். முழு பத்தியாக வேண்டாம்.

ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் நிற்கவேண்டும். "கடந்த ஆண்டு அதே போட்டியில் இரண்டாம் பரிசும் பெற்றார்" என்பதை எங்கேயும் எடுத்து ஒட்ட முடியாது. 'கடந்த ஆண்டு' அடுத்த வருடமே பொய்யாகிவிடும், 'அதே', 'பரிசும்' இரண்டும் முந்தைய வரியைத் தேடும். "2019 தங்கமுனை விருதில் தமிழ்ச் சிறுகதைக்கு இரண்டாம் பரிசு பெற்றார்" என்று எழுதினால் எந்த வரிசையிலும் பொருந்தும். பெயர் முதல் வாக்கியத்தில் மட்டும் வந்தால் போதும். மற்றவற்றை 'பெற்றார்', 'எழுதினார்' என்ற வினையே தாங்கிக்கொள்ளும்.

சீக்கிரம் கெட்டுப்போவது 'கற்பிக்கிறார்', 'தலைவராக இருக்கிறார்' போன்ற நிகழ்கால வரிகள். அவற்றைத் தனியாக ஒதுக்கி, கடைசியாகச் சரிபார்த்த மாதத்தைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அனுப்பும் முன் அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

அப்புறம், தேர்வு. நூலகத்தில் சிறுவர் கதைநேரம் என்றால் பெயரும் தொழிலும் ஒரு வரி, பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகம் ஒரு வரி, நடத்திய பள்ளிப் பயிலரங்கு ஒரு வரி. விருது அங்கே தேவையில்லை. அதே ஆள் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போகும்போது விருது வரிதான் இரண்டாவதாக வரவேண்டும்.