ஹராமிக்கு மூன்றாவது கேண்டில் எங்கே மூட வேண்டும்? சி.எம்.டி. லெவல் 1 எழுதியவனின் குறிப்பு

சார்ட் பார்த்து விலையை அலசும் டெக்னிக்கல் அனாலிசிஸுக்கான தேர்வு சி.எம்.டி. அதன் லெவல் 1 ரிசல்ட் மெயில் வந்துவிட்டது, பாஸ். தேர்வு எப்படி நடக்கும், எத்தனை கேள்வி என்பதெல்லாம் எழுதப் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். உண்மையான கேள்விகளை வெளியே சொல்லவும் கூடாது. அதனால் கீழே வரும் விலைகள் எல்லாம் நானே போட்டுக்கொண்டவை. சிலபஸில் சின்னதாக ஒரு பகுதி, ஆனால் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அதுதான்: எங்கல்ஃபிங், ஹராமி, ட்வீசர் என்று விலை திரும்பலாம் எனக் காட்டும் இரண்டு கேண்டில் பேட்டர்ன்கள், இவற்றுக்கு அடுத்த கேண்டிலில் எதைப் பார்ப்பது.

கோத்தகிரியில் உட்கார்ந்து படிப்பவனுக்கு வகுப்பு என்றால் ஆன்லைன்தான். பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பின் நோட்ஸில் இதற்கு ஒரே ஒரு அட்டவணை. எங்கல்ஃபிங் வலுவானது, ஹராமிக்கு உறுதிப்படுத்தல் தேவை, ட்வீசருக்குக் கட்டாயம் தேவை. எந்த விலைக்கு மேல் மூடினால் உறுதி என்று ஒரு வரி கிடையாது. கேட்டால் ‘அடுத்த கேண்டில் பச்சையாக இருந்தால் போதும்’ என்றார்கள். போதாது. அந்தப் பதிலை நினைத்தால் பாஸான பிறகும் எரிச்சல்தான் வருகிறது.

எனக்கு இதைத் திறந்துவிட்டது ஒரே உத்தி: இரண்டு கேண்டிலையும் சேர்த்து ஒரே கேண்டிலாக வரைவது. முதல் கேண்டிலின் ஓப்பன், கடைசிக் கேண்டிலின் குளோஸ், இரண்டிலும் உயர்ந்த ஹை, இரண்டிலும் தாழ்ந்த லோ. அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் பச்சை இலை எடைச் சீட்டுக்குப் பஞ்சமில்லை. அதன் பின்பக்கத்தில்தான் எல்லாவற்றையும் வரைந்தேன். மனப்பாடம் வருகிறவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். எனக்கு வராது.

முதலில் எங்கல்ஃபிங். விலை கொஞ்ச நாளாக இறங்கிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் சின்ன சிவப்பு: ஓப்பன் 404, ஹை 405, லோ 397, குளோஸ் 398. மறுநாள் ஓப்பன் 396, ஹை 409, லோ 395, குளோஸ் 408. இரண்டாவது பாடி 396 முதல் 408 வரை, முதல் பாடியை முழுசாக மூடுகிறது. ஷேடோக்களை மூடியதா என்று பார்க்க வேண்டியதில்லை, பாடி மட்டும்தான் கணக்கு. இப்போது சேர்த்து வரையுங்கள்: ஓப்பன் 404, குளோஸ் 408, ஹை 409, லோ 395. மேலே சின்னதாகப் பச்சைப் பாடி, கீழே ஒன்பது ரூபாய் வால். இது ஹேமர். இரண்டு நாள் கதை ஒரு கேண்டிலாகச் சுருங்கும்போதே நிறம் மாறிவிட்டது.

அடுத்து ஹராமி. முதல் நாள் பெரிய சிவப்பு: ஓப்பன் 412, ஹை 414, லோ 396, குளோஸ் 398. மறுநாள் ஓப்பன் 400, ஹை 407, லோ 397, குளோஸ் 405. சின்னப் பச்சை, முதல் பாடிக்குள் அடங்கிவிட்டது. சேர்த்தால் ஓப்பன் 412, குளோஸ் 405, ஹை 414, லோ 396. இன்னும் சிவப்புதான். கீழே ஒரு வால் வந்திருக்கிறது, அதனால் விற்பவர்கள் வேகம் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். வாங்குபவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஹராமி என்றால் இரண்டாவது பாடி முதல் பாடிக்குள் இருந்தே ஆக வேண்டும். அதனால் இரண்டாம் நாள் குளோஸ் முதல் நாள் ஓப்பனைத் தாண்டவே முடியாது. சேர்த்த கேண்டில் எப்போதும் முதல் நாள் நிறத்தில்தான் நிற்கும். எங்கல்ஃபிங்கில் இதற்கு நேர் எதிர்: முதல் பாடியை முழுசாக மூடினால்தான் எங்கல்ஃபிங், அப்படி மூடினாலே நிறம் மாறிவிடும். ஒன்றுக்கு ஏன் உறுதிப்படுத்தல் கட்டாயம், இன்னொன்றுக்கு ஏன் அவ்வளவு கட்டாயம் இல்லை என்பதற்கான காரணம் இதிலேயே இருக்கிறது. அட்டவணையைப் பார்க்க வேண்டியதே இல்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ் வளைவில் பிரேக் போடுகிறது. பிரேக் போட்டதாலேயே வண்டி திரும்பி மேலே வரப்போகிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஹராமி அந்த பிரேக் மட்டும்தான். அதற்குப் பிறகு விலை திரும்பலாம், அப்படியே பக்கவாட்டில் நகரலாம், மறுபடி இறங்கலாம்.

சரி, மூன்றாவது கேண்டில். மேலே சொன்ன ஹராமிக்கு மேல்பக்கம் நான் குறித்துக்கொள்ளும் விலைகள் மூன்று: 405, அதாவது இரண்டாம் நாள் குளோஸ், 407, இரண்டாம் நாள் ஹை, 412, முதல் நாள் ஓப்பன். மூன்றாம் நாள் விலை 413 வரை போய்விட்டு 406.50-இல் மூடுகிறது என்று வையுங்கள். கேண்டில் பச்சை, 405-க்கு மேலும் மூடியிருக்கிறது. சில புத்தக இலக்கணப்படி இதுவே ‘த்ரீ இன்சைட் அப்’. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: ஓப்பன் 412, குளோஸ் 406.50. இன்னும் சிவப்பு. நடுவில் 413-ஐத் தொட்டது மூன்றாம் நாளின் மேல் ஷேடோவாக மட்டும்தான் மிஞ்சியது. அதே நாள் 413-இல் மூடியிருந்தால்? ஓப்பன் 412, குளோஸ் 413, லோ 396. பச்சைப் பாடி, நீளமான வால், ஹேமர் போன்ற வடிவம். எங்கல்ஃபிங் இரண்டு நாளில் செய்ததை ஹராமி மூன்று நாளில் செய்திருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட கோடு 412-தான், அதுவும் குளோஸ் அடிப்படையில். மார்க்கெட் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது கேண்டில் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

த்ரீ இன்சைட் அப் என்பது உறுதியான ஹராமி, த்ரீ அவுட்சைட் அப் என்பது உறுதியான எங்கல்ஃபிங். நான்கையும் தனித்தனியாகப் படித்தால் குழப்பம். இரண்டு ஜோடி என்று பிடித்துக்கொண்டால் சுமை பாதியாகிவிடும். இலக்கணம் இடத்துக்கு இடம் மாறும், அது மட்டும் கவனம். மூன்றாவது குளோஸ் இரண்டாவது குளோஸுக்கு மேல் இருந்தால் போதும் என்று சில இடத்தில் இருக்கும். பேட்டர்ன்களைக் கண்டுபிடிக்கும் TA-Lib என்ற புரோகிராமிங் லைப்ரரியில் உள்ள `CDL3INSIDE` முதல் நாள் ஓப்பனைத் தாண்டச் சொல்கிறது. தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் சட்டம்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் குளோஸான 405-இல் வாங்கி, 396 உடைந்தால் வெளியேறுவது என்றால் ரிஸ்க் 9 ரூபாய். உறுதியாகட்டும் என்று 413-இல் வாங்கினால் ரிஸ்க் 17. மேலே 430-இல் பழைய ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்றால் கிடைக்கப் போவதும் 17-தான். இதை வரைந்து காட்டியபோது ஆபீஸில் பக்கத்து சீட் அண்ணன் கேட்டார்: “அப்போ உறுதியான பிறகு வாங்குனா லாபம் போயிடுது, முன்னாடியே வாங்குனா உறுதி இல்ல. எதுக்குப்பா இது?” குன்னூர் ஏல விலையை வாரா வாரம் பார்க்கிறவர், கேள்வி நியாயமானதுதான். என் பதில்: அந்த இடத்தில் டிரேடே எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவு. ஷார்ட் பொசிஷன் வைத்திருப்பவருக்கு இரண்டாம் நாளே, உறுதி எதுவும் இல்லாமலே, ஹராமி உதவும், பாதியை மூடிவிடலாம். புதிதாக வாங்குபவருக்குத்தான் 412 தேவை.

எங்கல்ஃபிங்கில் பிரச்சினை வேறு மாதிரி. சிக்னல் இரண்டாம் நாள் குளோஸிலேயே முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த கேண்டில் நீளமானது. 408-இல் வாங்கி 395-க்குக் கீழே ஸ்டாப் வைத்தால் 13 ரூபாய் தொங்கும். அதனால் அடுத்த கேண்டிலில் நான் பார்ப்பது மேலே போகிறதா என்பதை அல்ல. பச்சைப் பாடியின் நடுப்புள்ளி, இங்கே 402, அந்தப் பக்கம் இறங்கி வந்து தாங்கி நிற்கிறதா என்பதைத்தான். 402-க்குக் கீழே மூடினால் சந்தேகம், 395-க்குக் கீழே மூடினால் கதை முடிந்தது. இறங்கி வராமலே ஓடிவிட்டால் ஓடட்டும். நான் துரத்துகிற ஆள் இல்லை. துரத்துகிறவர்களுக்கு 408-க்கு மேல் மூடும் த்ரீ அவுட்சைட் அப் இருக்கிறது.

ட்வீசருக்கு இந்தச் சேர்க்கும் உத்தி உதவாது, ஒப்புக்கொள்கிறேன். அது பாடியைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு கேண்டிலின் லோ ஒரே விலையில் நிற்கிறது, அல்லது உச்சியில் என்றால் ஹை. நிறம் எதுவாகவும் இருக்கலாம், அடுத்தடுத்த நாளாகவும் இருக்க வேண்டியதில்லை. தனியாக வந்தால் நான் அதை ஒரு கோடாக மட்டும் வைத்துக்கொள்வேன்: அந்த லோ உடையக்கூடாது, அடுத்த கேண்டில் இரண்டாவது கேண்டிலின் ஹைக்கு மேல் மூட வேண்டும். ஆனால் ஹராமியோடு சேர்ந்து வந்தால் மதிப்பு கூடிவிடும். நம் ஹராமியில் இரண்டாம் நாள் லோ 397-க்குப் பதில் 396 என்று வையுங்கள். மேலே உறுதிப்படுத்தும் கோடு 412 மாறவில்லை. கீழே 396 மட்டும் இரண்டு முறை சோதிக்கப்பட்ட இடமாகிவிடுகிறது, ஸ்டாப் எங்கே என்ற யோசனையே வேண்டாம். இரண்டு லோவும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டுமா என்றால், எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. பதினெட்டு ரூபாய் ஆடும் கேண்டிலில் முப்பது பைசா வித்தியாசத்தை நான் சமம் என்றே எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் சில விஷயங்கள், வரிசை இல்லாமல்:

- முன்னால் டிரெண்ட் இல்லை என்றால் இவை எதுவுமே பேட்டர்ன் இல்லை. பக்கவாட்டில் நகரும் சார்ட்டில் எங்கல்ஃபிங் படத்தைப் பார்த்ததும் விடையை டிக் அடித்துவிடாதீர்கள்.
- உச்சியில் எல்லாம் தலைகீழ். பேரிஷ் எங்கல்ஃபிங்கைச் சேர்த்தால் ஷூட்டிங் ஸ்டார் மாதிரி வரும். வரைந்தே பாருங்கள்.
- எங்கல்ஃபிங்கில் இரண்டாவது பாடி எதிர் நிறமாக இருக்க வேண்டும். முதல் கேண்டில் டோஜி அளவுக்குச் சின்னது என்றால் மட்டும் நிறத்தில் தளர்வு உண்டு. ஹராமியில் இரண்டாவது கேண்டிலின் நிறம் கட்டாயம் இல்லை.
- முதல் கேண்டில் ராட்சத அளவில் இருந்தால், உதாரணமாக கம்பெனி ரிசல்ட் வந்த நாளில் 440-இல் தொடங்கி 398-இல் மூடியது என்றால், 440-ஐ உறுதிக் கோடாக வைப்பதில் பயனில்லை. அங்கே விலை தாண்டுவதற்குள் பாதி ஏற்றம் முடிந்திருக்கும். அந்த ஹராமியை வாங்கும் சிக்னலாகவே எடுப்பதில்லை, ஷார்ட்டை மூட மட்டும்தான்.
- ஐந்து நிமிட சார்ட்டில் ஒரு கேண்டிலின் ஓப்பன் பெரும்பாலும் முந்தைய குளோஸிலேயே நிற்கும். அதனால் ஹராமியின் ஒரு ஓரம் முதல் பாடியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம். மறு ஓரம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.