ரிலே இயங்கும் முன்பே இறங்கிவிட்ட ஃபால்ட் கரன்ட்

ஒரு ஜெனரேட்டருக்கு பேக்கப் ஓவர்கரன்ட் ரிலே செட்டிங் போடும் வேலை என்னிடம் வந்தது. ரிலே எண்ணத் தொடங்கும் பிக்கப் முழு லோடு கரன்ட்டைப் போல 1.25 மடங்கு, தாமதம் 1.5 வினாடி என்று வைத்தேன். டெஸ்ட் கிட்டில் 3 மடங்கு கரன்ட் செலுத்தினேன், ரிலே சரியாக டிரிப் ஆனது. அறிக்கையைப் பார்த்த சீனியர் கேட்டார்: "தம்பி, கிட் கொடுக்கிற கரன்ட் அசையாமல் நிற்கும். மெஷின் கொடுக்கிற கரன்ட் நிற்குமா?"

டேட்டா ஷீட்டை எடுத்தேன். மெஷினின் பெர்-யூனிட் ரியாக்டன்ஸ்கள்: Xd'' = 0.16, Xd' = 0.25, Xd = 2.0. டெர்மினலிலேயே மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் கரன்ட் முதலில் 1/0.16, அதாவது 6.25 மடங்கு. ரோட்டரின் டேம்பர் வைண்டிங்கும் ஃபீல்டும் தங்கள் ஃப்ளக்ஸ் சட்டென்று மாற விடாது. அதனால் ஸ்டேட்டர் ஃப்ளக்ஸ் ரோட்டருக்குள் நுழைய முடியாமல் கசிவுப் பாதையில் ஒதுங்குகிறது, ரியாக்டன்ஸ் சிறியதாகிறது. டேம்பரில் தூண்டப்பட்ட கரன்ட் சில சைக்கிளில் அடங்கியதும் ஃபீல்டு மட்டும் தடுக்கிறது. அது Xd'-இன் காலம். அதுவும் ஓய்ந்த பிறகு எஞ்சுவது Xd.

நோ-லோடு நிலையில் இருந்து, எக்ஸைடேஷன் மாறாமல் இருந்தால், ஏசி பகுதி இப்படி:

```
I(t) = 2.25·e^(-t/Td'') + 3.5·e^(-t/Td') + 0.5
```

டேம்பர் பங்கு அடங்கும் கால மாறிலி Td'' 0.03 வினாடி, ஃபீல்டு பங்குக்கு Td'. Td' இடத்தில்தான் தவறினேன். ஷீட்டில் பெரிதாக அச்சாகியிருந்த 6.4 வினாடியைப் போட்டேன். 1.5 வினாடியில் 3.27 மடங்கு வந்தது, நிம்மதியாக இருந்தது. ஆனால் அது Tdo', ஸ்டேட்டர் திறந்திருக்கும்போது பொருந்தும் மாறிலி. ஷார்ட் ஆன நிலையில் அதை Xd'/Xd ஆல் பெருக்க வேண்டும்: 6.4 × 0.125 = 0.8 வினாடி.

அப்புறம் மறுபடி கணக்கிட்டேன். ஒரு சைக்கிள் முடிவில் (50 ஹெர்ட்ஸில் 0.02 வினாடி) 5.07. ஐந்து சைக்கிளில் 3.67, டேம்பர் பங்கு அதற்குள் அநேகமாகக் காலி. சுமார் 1.23 வினாடியில் கரன்ட் 1.25-க்குக் கீழே போய்விடுகிறது. என் ரிலே டிரிப் ஆகும் முன்பே ரீசெட் ஆகும். கடைசியில் நிற்பது 0.5 மடங்கு, முழு லோடு கரன்ட்டில் பாதி! ஃபால்ட் அப்படியே இருக்கிறது, ஓவர்கரன்ட் ரிலேயின் கண்ணில் மட்டும் படவில்லை.

டிசி ஆஃப்செட்டை இதில் சேர்க்கவில்லை. பிரேக்கர் தாங்கும் உச்ச கரன்ட்டுக்கு அது அவசியம், இந்தக் கேள்விக்கு இல்லை. எக்ஸைடேஷனை மெஷின் டெர்மினலிலிருந்தே எடுக்கும் ஜெனரேட்டரில் ஷார்ட்டோடு ஃபீல்டு சப்ளையும் சரியும், கரன்ட் இன்னும் கீழே போகும். தனி பெர்மனன்ட் மேக்னெட் ஜெனரேட்டரிலிருந்து சப்ளை பெறும் ஏவிஆர் ஃபீல்டைத் தூக்கிப் பிடித்தால் கதை வேறு.

செட்டிங்கை வோல்டேஜ் ரெஸ்ட்ரெயின்ட் வகைக்கு மாற்றினேன். வோல்டேஜ் விழ விழ பிக்கப்பும் இறங்கும்; எங்கள் ரிலேயில் 25 சதவீதம் வரை, அதாவது 0.31 மடங்கு. எஞ்சும் 0.5 அதற்கு மேலேயே இருக்கிறது. இந்த முறை டெஸ்ட் கிட்டில் நிலையான கரன்ட்டுக்குப் பதில், கணக்கிட்டபடி இறங்கும் கரன்ட்டை பூஜ்ய வோல்டேஜுடன் கொடுத்தேன். 1.5 வினாடியில் டிரிப் ஆனது.