டூட்டி முடிந்த பிறகு

மே 31
பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த 22 வருடம் இன்றோடு முடிந்தது. மாலை, சால்வை, கேசரி எல்லாம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 19
மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. போக இடமில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குகிறேன், ராத்திரி புரளுகிறேன். சாம்பாரில் உப்பில்லை என்று அவளிடம் கத்தினேன். உப்பு இருந்தது.

ஜூலை 4
வேய்ந்தான்குளம் பேருந்து நிலையம் வரை போனேன். "அண்ணாச்சி, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. பாபநாசம் வண்டி ஏழு நிமிஷம் லேட் என்றேன். புதுப் பையன் சிரித்துக்கொண்டே, "எழுதிட்டேன் அண்ணாச்சி" என்றான். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 11
கழுத்துவலி என்று டாக்டரிடம் போனோம். தைராய்டு, பி12 இரண்டும் சரியாக இருந்தன. "கோபம் கூடியிருக்கா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள், "ஆமா சார்" என்றாள். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலும் உடம்பு வலியுமாக வரும் என்றார். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாமாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே வரச் சொன்னார். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்: ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தேன், மனசுக்கு 10க்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும். வந்த நேரம், போன நேரம் எழுதியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஜூலை 20
நோட்டைப் பார்த்தேன். டிவி முன்னால் இருந்த மணிகளுக்கு 2. நேற்று பழைய இடத்துக்கு மறுபடியும் போனதற்கு 1. போனால் தேறுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். புதன்கிழமை பக்கத்து வீட்டு டீச்சரை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன், அவர் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கு 6. டாக்டர் அந்த 6-ஐ மட்டும் பேனாவால் வட்டமிட்டார். "மனசு வந்தாப் போகலாம்னு காத்திருக்காதீங்க. நேரம் வந்தாப் போங்க, மனசு பின்னால வரும்."

இதைத்தானே 22 வருடம் டிரைவர்களிடம் சொன்னேன்!

ஆகஸ்ட் 9
திங்கள், புதன், வெள்ளி காலை ஆறே முக்காலுக்கு டீச்சர் வீடு. டயாலிசிஸுக்கு நாலு மணி நேரம் ஆகும், பேப்பர் படிக்கிறேன். வாட்சை மறுபடி கட்டியாயிற்று. மற்ற நாட்களில் மார்க் இன்னும் 3-ஐத் தாண்டவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குளியலுக்கு ஒரு நேரம் குறித்திருக்கிறேன், இரண்டு தடவை போகவில்லை.

ஆகஸ்ட் 12
சாரலில் ஆட்டோ கிடைக்கவில்லை. பத்து நிமிஷம் பிந்திவிட்டது. டீச்சர் பையோடு வாசலில் நின்றிருந்தார்கள்.
"என்ன தம்பி, வண்டி லேட்டா?"
நோட்டில் எழுதிக்கொண்டேன்: 6.55. மார்க் 7.