கார்பன் மட்டும் மாற்றிக் கொடுத்த மிக்சி

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிக்சியில் தீப்பொறி பறந்தால் மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்துவிட்டது, புதுசு போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மாறியது ஒரு மெஸ் நடத்தும் அக்காவின் 750 வாட்ஸ் மிக்சியால்.

அவங்க மெஸ்ஸில் காலை 6 மணிக்கே தேங்காய்ச் சட்னி ஆரம்பித்துவிடும். "தம்பி, ஓடுது, ஆனா இழுக்க மாட்டேங்குது, கீழ நெருப்பு மாதிரி தெரியுது" என்று கொண்டுவந்து வைத்தாங்க. லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினேன். காற்றுத் துளை வழியாக ஆரஞ்சு நிறத்தில் பொறி தெரிந்தது, கருகிய வாசனையும் வந்தது. பிளக்கைப் பிடுங்கி, அடித்தட்டைக் கழற்றி, கார்பனை வெளியே எடுத்தேன். இரண்டுமே கட்டையாகத் தேய்ந்து, மூன்றில் ஒரு பங்கு கூட மிச்சமில்லை. புதுசு போட்டேன், மிக்சி சீறிக்கொண்டு ஓடியது, 20 நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரத்தில் அதே மிக்சி, அதே பொறி, அதே வாசனையோடு திரும்பி வந்தது. நான் போட்ட கார்பன் அதற்குள் பாதி போயிருந்தது.

கடை அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "ஆர்மேச்சரை வெளிய எடுடே, கம்யூட்டேட்டரைப் பாரு" என்றார். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுழலும் பகுதி, முதல் தடவை நான் அதை எடுக்கவே இல்லை.

கம்யூட்டேட்டர் என்பது ஆர்மேச்சர் தண்டின் ஒரு முனையில் செம்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கி வைத்த பகுதி. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மைக்கா வைத்துப் பிரித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங் அழுத்தத்தில் கார்பன் அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும், அந்த உரசல் வழியாகத்தான் சுழலும் சுருளுக்குக் கரண்ட் போகிறது. மிக்சி மோட்டாரில் வெளிச்சுருளும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருப்பதால், இந்த உரசும் இடத்தில் தொடர்பு சரியில்லை என்றால் மொத்த மோட்டாருக்கும் கரண்ட் குறைந்துவிடும். பொறியும் இழுவைக் குறைவும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

நல்ல கம்யூட்டேட்டர் பளபள செம்பு நிறத்தில் இருக்காது. சுற்றிலும் ஒரே மாதிரி சாக்லேட் நிறம் படிந்து, வழவழப்பாக இருக்கும். அந்தப் படலம் கார்பனுக்கு நல்லது, அதைத் தேய்த்து எடுக்கவே கூடாது. அக்காவின் மிக்சியில் இருந்தது வேறு. முழுக்கக் கருப்பு, விரலால் தடவினால் சொரசொரப்பு, நடுவில் கார்பன் ஓடிய தடம் பள்ளமாகத் தெரிந்தது, துண்டுகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடுக்குகளில் கரித்தூள் ஈரத்தோடு சேர்ந்து பசை மாதிரி அடைத்திருந்தது. கரித்தூள் கரண்டைக் கடத்தும் என்பதால், பிரிந்திருக்க வேண்டிய துண்டுகளுக்கு இடையே அதன் வழியாகக் கரண்ட் தாவும். அந்தப் பொறியின் சூட்டில் செம்பு இன்னும் சொரசொரப்பாகும், சொரசொரப்பில் கார்பன் இன்னும் வேகமாகத் தேயும், தேய்ந்த தூள் மறுபடி இடுக்கில் போய் அடையும். நான் புதுக் கார்பனைப் போட்டது இப்படி ஒரு அரத்தின் மேல்தான்.

சுத்தம் செய்யுமுன் அண்ணாச்சி ஒரு சோதனை செய்யச் சொன்னார். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒவ்வொரு ஜோடியாகச் சுற்றிவர அளந்தேன். எந்த எண் வந்தாலும் பரவாயில்லை, எல்லா ஜோடியிலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் எண் எகிறினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது, அப்படிப்பட்ட ஆர்மேச்சரில் அந்த இரண்டு துண்டுகள் மட்டும் தனியாகக் கருகியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செம்புக்கும் தண்டுக்கும் நடுவில் தொடர்பு காட்டவே கூடாது. ஒன்று சொல்ல வேண்டும், சாதாரண மீட்டரில் ஓரிரு சுற்று மட்டும் ஷார்ட் ஆனது தெரியாமல் போகலாம், அதனால் மீட்டரில் எல்லாம் சரியாக வந்தும் சுத்தம் செய்த பிறகு பொறி கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம் போட்டால் ஆர்மேச்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த மிக்சி தப்பித்தது, எல்லா ஜோடியும் ஒத்துப்போனது.

சுத்தம் செய்ய நான் எடுத்தது கருப்பு எமரித் துணி. அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். எமரியின் பொடி இடுக்கில் தங்கினால் அதுவே கரண்டுக்கு வழியாகிவிடும் என்று சொல்லி, 600 நம்பர் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்துக் கொடுத்தார். பட்டையைச் சுற்றிப் பிடித்து, ஆர்மேச்சரைக் கையால் சுழற்றிச் சொரசொரப்பு போகும் வரை மட்டும் தேய்த்தேன். அப்புறம் உடைந்த ஹேக்ஸா பிளேடு ஒன்றின் ஓரத்தைத் தேய்த்துச் சன்னமாக்கி, ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டினேன். மைக்கா செம்பின் மட்டத்துக்கு மேலே நிற்கக் கூடாது, அரை மில்லிமீட்டர் அளவுக்காவது உள்ளே இருக்க வேண்டும். மேலே நின்றால் கார்பன் ஒவ்வொரு துண்டிலும் தட்டித் தட்டிக் குதிக்கும். இந்த வேலைக்குத்தான் நேரம் எடுத்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல்.

புதுக் கார்பனின் முனை தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ உருண்டை. அப்படியே போட்டால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு, அந்த இடத்திலேயே எரியும். ஆர்மேச்சரை மோட்டாரில் பொருத்திய பிறகு, உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி கம்யூட்டேட்டரில் சுற்றி, அதன் மேல் கார்பனை ஸ்ப்ரிங்கோடு வைத்து, மோட்டார் ஓடும் திசையில் கையால் சுழற்றினால் முனை வளைவாகிவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தூளை ஊத வேண்டும். ஸ்ப்ரிங்கையும் பார்த்தேன், ஒன்று சூட்டில் தளர்ந்து அழுத்தமே இல்லை, அதை மாற்றினேன். கார்பன் கூட்டுக்குள் சிக்காமல் தானாக நகர்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது, "ஈரம் எங்கிருந்துடே வந்துச்சு?" என்று கேட்டார் அண்ணாச்சி. அதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மேலே ஜார் உட்காரும் கப்ளருக்குக் கீழே துருவின் கோடு இறங்கியிருந்தது. சட்னி ஜாரில் தண்ணீர் ஊற்றி வைத்தோம், அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. ஜாரின் அடியில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து சீல் போயிருந்தது. அந்தத் தண்ணீர் கப்ளர் வழியாக மோட்டாரில் இறங்கி, மேல் புஷ்ஷைத் துருப்பிடிக்க வைத்து, தண்டைப் பக்கவாட்டில் ஆட விட்டிருக்கிறது. தண்டு ஆடினால் கம்யூட்டேட்டரும் ஆடும், கார்பன் ஒட்டி உட்காராது. நான் முதல் தடவை ஜாரைக் கொண்டுவரவே சொல்லவில்லை.

ஜார் புஷ், சீல், மோட்டாரின் மேல் புஷ் எல்லாம் மாற்றினோம். ஜார் இல்லாமல் குறைந்த வேகத்தில் விட்டு விட்டுப் பத்து நிமிஷம் ஓட்டினேன். கார்பனின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன நீலப் பொறி, அது இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சுற்றி வளையம் போடவில்லை. இரண்டாவது வேலைக்குப் புஷ், ஸ்ப்ரிங் விலை மட்டும் வாங்கினோம், கார்பனுக்கும் கூலிக்கும் வாங்கவில்லை, அது என் தவறு.

இரண்டு மாசம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மெஸ்ஸுக்குள் நுழைந்து, "அக்கா, ஒரு தடவை திறந்து பாத்துக்கிறேன்" என்று கேட்டேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், சரி என்றாங்க. அடித்தட்டைக் கழற்றினேன், கார்பன் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, கம்யூட்டேட்டர் சுற்றிலும் ஒரே சாக்லேட் நிறம்.